5 ரத்தி கல் என்றால் எத்தனை காரட்?

கேள்வி: ஜோசியர் 5 ரத்தியில் கனக புஷ்பராகம் போடச் சொல்லியிருக்கிறார். ஒரு கடையில் ரத்திக்கு 8,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொரு கடையில் காரட்டுக்கு 8,500 ரூபாய், அவர்களிடம் 5 காரட்டுக்கு மேல்தான் கல் இருக்கிறது. எங்கே வாங்குவது லாபம்?

பதில்: முதல் கடையில் கேட்க வேண்டியது, அவர்கள் சொல்லும் ரத்தி எந்த ரத்தி என்பதைத்தான். ரத்தின வியாபாரத்தில் பெரும்பாலும் புழங்குவது சுமார் 182 மில்லிகிராம் ரத்தி, அதாவது 0.91 காரட். ஆனால் பொன் நிறுக்கும் பழைய ரத்தி சுமார் 121.5 மில்லிகிராம்தான், 0.61 காரட்கூட முழுதாக வராது. காரட்டில் இந்தக் குழப்பம் இல்லை, எங்கே போனாலும் 200 மில்லிகிராம்.

பெரிய ரத்தி என்றால் உங்கள் 5 ரத்தி 4.55 காரட். விலை 40,000 ரூபாய், அதாவது காரட்டுக்கு ஏறக்குறைய 8,790. சிறிய ரத்தி என்றால் அதே 40,000 ரூபாய்க்குக் கைக்கு வருவது 3.04 காரட்தான். அப்போது காரட் விலை 13,000-ஐத் தாண்டிவிடும். ஆகவே கல்லை மில்லிகிராம் காட்டும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கிராமில் வரும் எடையை 5-ஆல் பெருக்கினால் காரட். மோதிரத்தில் பதித்த பிறகு கல்லைத் தனியாக நிறுக்க முடியாது, அதனால் பதிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சரி, இரண்டாவது கடை. 8,500 என்பது எந்த எடைக் கல்லுக்கான விலை என்று கேளுங்கள். பெரிய கல் கிடைப்பது அரிது என்பதால், தரம் ஒன்றாகவே இருந்தாலும் எடை ஏற ஏற காரட் விலையும் ஏறும். 3, 5 போன்ற முழு எண்களைத் தாண்டும்போது சட்டென்று உயர்வதும் உண்டு. ஒரு கணக்குக்காக, 5 காரட்டுக்குக் கீழே 8,500, மேலே 10,000 என்று வைத்துக்கொள்வோம். 4.55 காரட் கல் 38,675 ரூபாய், 5.05 காரட் கல் 50,500. எடை கூடியது 11 சதவீதம், விலை கூடியது 31 சதவீதம்! ஜோசியர் சொன்னது 5 ரத்தி. அதை 5 காரட் என்று எடுத்துக்கொண்டால், அவர் கேட்காத அரை காரட்டுக்கு 11,825 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பீர்கள்.

இந்த எல்லையைத் தொடுவதற்காகவே சில கற்களை அடிப்பக்கம் தடிமனாக விட்டுப் பட்டை தீட்டியிருப்பார்கள். எடை இருக்கும், மேலிருந்து பார்த்தால் கல் சிறியதாகத் தெரியும். அதனால் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள்.

என் யோசனை: 4.55 முதல் 4.9 காரட்டுக்குள் கல் தேடுங்கள். ஆய்வகச் சான்றிதழில் எடை காரட்டில்தான் இருக்கும், பில்லிலும் அதே எண்ணைப் போடச் சொல்லுங்கள். அப்புறம், நிறத்தை மேம்படுத்தச் சூடேற்றிய கல்லின் விலையைச் சூடேற்றாத கல்லின் விலையோடு ஒப்பிட வேண்டாம். அங்கே விலை வித்தியாசம் எடையால் வருவதில்லை.