நாலு வந்தால் நல்லதா? சந்தாத் தொழிலின் குவிக் ரேஷியோ: கேள்வி பதில்

"குவிக் ரேஷியோன்னா ரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாம் கூட்டி நடப்புக் கடனால வகுக்கிறதுதானே? அதுல நாலு எதுக்கு சார்? ஒண்ணு இருந்தாலே போதுமே."

நீங்கள் சொல்வது பேலன்ஸ் ஷீட்டில் பார்ப்பது. இங்கே பேசுவது வேறு. பேர் மட்டும்தான் ஒன்று. சந்தா வாங்கும் தொழிலில் ஒரு மாதம் உள்ளே வந்த சந்தா வருமானத்தை, அதே மாதம் வெளியே போனதால் வகுக்கிறோம்:

```
QR = (New + Expansion) / (Churn + Contraction)
```

மேலே இருப்பவை, புதிதாகச் சேர்ந்தவர்களின் மாதச் சந்தாவும், பழையவர்கள் பெரிய பிளானுக்கு மாறியதால் கூடியதும். கீழே இருப்பவை, விட்டுப் போனவர்களின் சந்தாவும், சின்ன பிளானுக்கு இறங்கியதால் குறைந்ததும். கடனோ ரொக்கமோ இதில் வராது. ஒன்று வந்தால் வந்ததும் போனதும் சரிக்குச் சரி, வளர்ச்சி இல்லை. உங்கள் கணக்கில் நிம்மதி தரும் ஒன்று, இங்கே ஓடிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பது.

"நாலுக்கு மேல இருந்தா கம்பெனி ஆரோக்கியமா இருக்கு, கீழே போனா ஆபத்து. இவ்வளவுதானே அண்ணா?"

பாதி சரி, தம்பி. நாலு என்ற எல்லையைப் பரப்பியவர் மாமூன் ஹமீத், சோஷியல் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது. வேகமாக வளர வேண்டிய இளம் மென்பொருள் கம்பெனிகளை எடைபோட அவர் வைத்த அளவு அது. போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு ரூபாய் வர வேண்டும் என்பது கணக்கு.

ஆனால் இரண்டு கம்பெனிகளைப் பாருங்கள். இரண்டுக்கும் மாத ஆரம்பத்தில் சந்தா வருமானம் 20 லட்சம். முதலாவதில் அந்த மாதம் 8 லட்சம் வந்தது, 2 லட்சம் போனது. இரண்டாவதில் 80,000 வந்தது, 20,000 போனது. இரண்டிலும் விகிதம் நாலு. முதலாவது கம்பெனி மாதத்துக்கு 10% இழக்கிறது. அதே வேகத்தில் போனால் இன்றைய 20 லட்சத்தில் ஒரு வருடம் கழித்து மிஞ்சுவது சுமார் 28%தான். விளம்பரத்துக்குப் பணம் இருக்கும்வரை இந்த ஓட்டை வெளியே தெரியாது, பணம் நின்ற மாதமே தெரிந்துவிடும். இரண்டாவது 1% மட்டுமே இழக்கிறது, ஆனால் மெதுவாக வளர்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நாலு என்று யாராவது சொன்னால், மாதத்துக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று கூடவே கேளுங்கள். அந்தப் பதில் இல்லாமல் நான் விகிதத்தைப் படிப்பதே இல்லை.

"கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் குடுக்கிறோம். ரெண்டு வருஷம் முன்னாடி 4 இருந்தது, இப்ப 2. சேல்ஸ் டீம் மாசாமாசம் அதே அளவு கொண்டு வர்றாங்க, கஸ்டமரும் அதிகமா கோபப்பட்டு போகல. எங்க தப்பு பண்ணினோம்?"

தப்பு எதுவும் நடக்காமலே இப்படி ஆகும். உங்கள் உண்மையான எண்கள் தெரியாததால் நானே வைத்துச் சொல்கிறேன். மாதம் 1 லட்சம் புதிய வருமானம் வருகிறது, இருப்பதில் 2% போகிறது, இரண்டும் மாறவே இல்லை என்று கொள்வோம். மொத்தச் சந்தா 12.5 லட்சமாக இருந்தபோது 2% என்றால் 25,000, விகிதம் நாலு. மொத்தம் 25 லட்சமாக வளர்ந்ததும் அதே 2% 50,000 ஆகிறது, விகிதம் இரண்டு. யாரும் மோசமாக வேலை செய்யவில்லை. இழப்பு மொத்தத்தோடு சேர்ந்து வளர்கிறது, வரவு வளரவில்லை.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 50 லட்சத்தில் இழப்பும் 1 லட்சம், விகிதம் ஒன்று. உங்கள் கூரை அதுதான். எவ்வளவு வருடம் ஓடினாலும் அதைத் தாண்ட முடியாது. மாத வரவை இழப்புச் சதவீதத்தால் வகுத்தால் கூரை கிடைத்துவிடும், இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். இழப்பை 2% இலிருந்து 1% ஆக்கினால், 25 லட்சத்திலேயே விகிதம் மறுபடி நாலு ஆகும், கூரை 1 கோடிக்கு ஏறும். சேல்ஸ் ஆளை இரட்டிப்பாக்கினாலும் இதே விடைதான் வரும், ஆனால் அந்தச் சம்பளம் மாதாமாதம் நிற்கும். போகிற கடைகள் எந்த மாதத்தில் போகின்றன என்று முதலில் பாருங்கள். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போனால், உங்கள் ஆட்கள் சரக்குப் பட்டியலை ஏற்றிக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். கடைக்காரர் ஒரு தடவைகூட முழுசாக பில் போட்டிருக்க மாட்டார்.

"எங்க கஸ்டமர்ல பாதிப் பேர் வருஷ சந்தா. ஒரு மாசம் 9 வருது, அடுத்த மாசம் 0.8. முதலாளிக்கு எதைக் காட்டறது?"

12,000 ரூபாய் வருடச் சந்தாவை மாதம் 1,000 என்றே எழுதுகிறீர்கள் என்று நம்புகிறேன். வந்த மாதத்திலேயே முழுத் தொகையையும் போட்டால் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. வருடச் சந்தாக்காரர் மனசு மாறினாலும் புதுப்பிக்கும் மாதம்வரை கணக்கில் இருப்பார், பிறகு மொத்தமாக விழுவார். அதனால்தான் இந்தக் குதிப்பு.

மாத விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். மூன்று மாத வரவு 90,000, 80,000, 1,00,000. இழப்பு 10,000, 1,00,000, 25,000 என்று வையுங்கள். விகிதங்கள் 9, 0.8, 4. சராசரி 4.6. வரவைத் தனியாகவும் இழப்பைத் தனியாகவும் கூட்டி வகுத்தால் 2,70,000க்கு 1,35,000, அதாவது இரண்டு. இரண்டுதான் உண்மை. இன்ஸ்டலேஷன் சார்ஜ் மாதிரி ஒரே தடவை வாங்கும் பணமும் இதில் சேரக் கூடாது. நானே ஒரு காலாண்டில் அதைச் சேர்த்துக் கொடுத்து, முதலீட்டாளர் கூட்டத்தில் எண்ணைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

"நான் வீட்டுக்கு காய்கறி பெட்டி குடுக்கிறேன், மாச சந்தா. மே மாசம் பசங்க லீவுன்னு பாதிப் பேர் நிறுத்திட்டு ஜூன்ல திரும்ப வர்றாங்க. இவங்க போனவங்களா, இல்லையா?"

மேடம், இதில் எல்லாரும் ஒத்துப்போன விதி கிடையாது. மே, ஜூன் சேர்த்து உண்மையில் 40,000 வந்து 10,000 போயிருந்தால் விகிதம் நாலு. விடுமுறைக்காரர்களின் 50,000ஐ மேயில் இழப்பாகவும் ஜூனில் புதிய வரவாகவும் எழுதினால், 90,000க்கு 60,000, ஒன்றரை ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே தொகையைச் சேர்த்தால் விகிதம் எப்போதும் ஒன்றை நோக்கி இழுபடும். அதனால் 60 நாளுக்குள் திரும்பினால் "இடைநிறுத்தம்" என்று தனி வரியில் நான் வைப்பேன்.

"சார், மேல காய்கறி கேள்விக்கு சொன்னது எனக்கு ஒப்பல. மே மாசத்துல பணம் வரலைன்னா அது இழப்புதான். 60 நாள்ன்னு நாமளே ஒரு கோடு போட்டா, போனவங்களையும் 'திரும்ப வருவாங்க'ன்னு மறைச்சு வைக்கலாமே?"

மறைக்கலாம், அந்தப் பயம் நியாயமானது. அதனால் எண் தெரிந்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது. 60 நாளுக்குள் திரும்பாதவர்களை 61ஆம் நாள் இழப்பில் எழுதியே ஆக வேண்டும். அதற்கு மேல், 30 நாளா 60 நாளா என்பதில் உங்களை மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை. அந்த மேடத்திடம் போன வருட மே மாதப் பட்டியல் இருந்தால், நிறுத்தியவர்களில் எத்தனை பேர் எந்தத் தேதியில் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கோட்டைப் போடலாம்.