பின்னால் ஒளிக்கோடுகள் ஓட, ஆள் மட்டும் அசையாமல் தெளிவாக வர என்ன செய்வது?

கேள்வி: இரவில் தெருவோரம் தங்கையை நிற்கவைத்து, பின்னால் போகும் வண்டி விளக்குகள் கோடு கோடாக விழும்படி ட்ரைபாடில் 4 விநாடி எடுக்கிறேன். ஃபிளாஷ் போட்டும் அவள் முகத்தின் ஓரம் மங்கலாக, ஆவி போல வருகிறது. ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும் ரியர் கர்ட்டனுக்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்:

மாற்றுங்கள், கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது.

போன வருடம் ஒரு தோழியை இதேபோல எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் படம் கச்சிதமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு பேருந்தின் சிவப்புக் கோடு அவள் காது மடலுக்குள் புகுந்து போயிருந்தது. மடல் அப்படியே தெளிவாக இருக்கிறது, அதன் மேல் கண்ணாடியில் தெரிவது போல ஒரு சிவப்புக் கோடு. நடந்தது இதுதான்: ஷட்டர் திறந்ததும் ஃபிளாஷ் அடித்து முகத்தைப் பதிவு செய்துவிட்டது. ஃபிளாஷ் அடித்ததும் படம் எடுத்தாயிற்று என்று நினைத்து அவள் தலையை ஒரு விரல் அளவு சாய்த்திருக்கிறாள். காது இருந்த இடம் காலியானது, அந்த நேரத்தில் அங்கே போன விளக்கு ஏற்கனவே பதிந்த காதின் மேலேயே பதிந்துவிட்டது.

ஃபிளாஷ் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல மின்னி ஆளைப் பதிக்கிறது. மீதி 4 விநாடியும் சென்சார் திறந்தேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டு வழியில் படம் கெடும். ஒன்று, தெரு வெளிச்சம் ஆளின் மேல் விழுந்து, அவர் லேசாக ஆடுவதை இரண்டாவது உருவமாகப் பதிப்பது. மற்றொன்று, என் தோழிக்கு ஆனது போல, பின்னால் இருக்கும் வெளிச்சம் உடலின் ஓரத்தில் உள்ளே நுழைவது.

முதலாவதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, மற்ற எதையும் மாற்றாமல் ஒரு படம் எடுங்கள். தங்கை கறுப்பு நிழல் உருவமாக மட்டும் தெரிய வேண்டும். மூக்கும் கண்ணும் அடையாளம் தெரிந்தால், அந்த வெளிச்சம்தான் ஆவியாக வருகிறது. நான் முதலில் வைத்திருந்தது f/5.6, ஐஎஸ்ஓ 400, 4 விநாடி. மரநிழலில் நின்றும் தோழியின் முகம் நன்றாகவே தெரிந்தது. f/8, ஐஎஸ்ஓ 100 என்று இறக்கினேன். அபெர்ச்சரில் ஒரு ஸ்டாப், ஐஎஸ்ஓவில் இரண்டு, ஆக மூன்று ஸ்டாப் குறைந்ததும் முகம் இருட்டில் போய்விட்டது.

இறக்கினால் கோடுகளும் மங்குமே என்று கேட்பீர்கள். மங்கும்தான், அதனால் எதை இறக்குவது என்று தெரிந்து இறக்க வேண்டும். ஓடுகிற விளக்கு சென்சாரின் ஒரு புள்ளியில் கண நேரம்தான் இருந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் கோடு நீளமாகும், எண்ணிக்கை கூடும், பிரகாசமாகாது. கோட்டின் பிரகாசம் அபெர்ச்சரிலும் ஐஎஸ்ஓவிலும்தான் இருக்கிறது. நிற்கிற ஆளின் மேல் விழும் தெரு வெளிச்சமோ நேரம் கூடக்கூடச் சேர்ந்துகொண்டே போகும். எனவே கோடுகள் பிரகாசமாக இருக்கும்போது முகம் மட்டும் அதிகமாகத் தெரிந்தால் நேரத்தைக் குறையுங்கள். கோடுகளும் வெளுத்துப் போயிருந்தால் அபெர்ச்சரை மூடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி 4 விநாடியில் சுமார் 44 மீட்டர் போய்விடும். ஃபிரேமுக்கு அது பெரும்பாலும் தாராளம், 2 விநாடி கூடப் போதலாம். நேரத்தைக் கூட்டுவதற்குப் பதில் சிக்னல் விழுந்து வண்டிகள் கூட்டமாக வரும் சமயம் பார்த்து ஷட்டரைத் திறங்கள்.

இரண்டு தெருவிளக்குகளுக்கு நடுவில், இருட்டாக இருக்கும் இடத்தில் நிற்கவையுங்கள். நடைபாதை மேல்தான், சாலையில் வேண்டாம்.

ஃபிளாஷின் சக்தியைக் கேமராவே முடிவு செய்யும் `TTL`-இல் விடாமல், நாமே சக்தியை வைக்கும் `M`-இல் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 100-இல் உங்கள் ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் மீட்டரில் 40 என்றால், f/8-க்கு முழு சக்தியில் 40 ÷ 8 = 5 மீட்டர். சக்தியை கால் பங்காக்கினால் தூரம் பாதியாகும், அதாவது 2.5 மீட்டர். அந்தத் தூரத்தில் ஃபிளாஷை ஓரமாக ஒருவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் அடிக்காத பக்கமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஷட்டர் நேரத்தை எவ்வளவு மாற்றினாலும் முகத்தின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது என்பதால், ஒருமுறை சரி செய்தால் அதைத் தொட வேண்டியதில்லை.

இப்போது காதுக்குள் கோடு புகும் விஷயம். ஒளி சென்சாரில் சேர்ந்துகொண்டே போவதுதான், முன்னால் விழுந்தாலும் பின்னால் விழுந்தாலும் கணக்கு ஒன்றே. ஆகவே ரியர் கர்ட்டனில் வைத்தாலும் அவள் நடுவில் தலையை அசைத்தால் கோடு காதில் ஏறத்தான் செய்யும். நான் ரியரை விரும்புவதற்குக் காரணம் வேறு: ஃபிளாஷ் கடைசியில்தான் வரும் என்று தெரிந்தால், அதுவரை ஆள் தானாகவே அசையாமல் காத்திருப்பார். `TTL`-இல் இருந்தால் அளவெடுக்க முன்கூட்டியே ஒரு மின்னல் வரும், அதைப் பார்த்து முடிந்தது என்று ஏமாந்துவிடுவார். `M` வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அசைவை இன்னும் குறைக்க, காலை அகட்டி நின்று, இடுப்பை ஒரு கம்பியில் சாய்த்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். காற்றில் பறக்கும் முடியைக் கட்டிவிடுங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கேயும் ஓரம் கெடும், கையை உடலோடு ஒட்டி வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் கைகொடுத்தது கேமராவின் உயரம்தான். ட்ரைபாடைத் தோழியின் இடுப்பளவுக்கு இறக்கி லென்ஸை லேசாக மேலே திருப்பினேன். தலை இருண்ட வானத்துக்கு எதிரே போய்விட்டது, கார்களின் கோடுகள் மார்புக்குக் கீழே நின்றன. தலைக்குப் பின்னால் வெளிச்சமே இல்லாதபோது அவள் கொஞ்சம் அசைந்தாலும் பதிவதற்கு எதுவும் இல்லை. உயரத்தில் விளக்கு உள்ள பேருந்து வந்தால் மட்டும் அந்தத் தடவை எடுக்காமல் அடுத்த வண்டிகளுக்குக் காத்திருந்தேன்.

ஃபோகஸை மறந்துவிடாதீர்கள். செல்போன் டார்ச்சை அவள் கண்ணருகே காட்டி ஃபோகஸ் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் கேமரா அடுத்த படத்துக்குப் பின்னால் வரும் விளக்கைப் பிடித்துக்கொள்ளும்.

ஃபிளாஷே இல்லை என்றால் ஒரே படத்தில் 4 விநாடி சிலையாக நிற்பதை நம்ப வேண்டாம், இரண்டு படமாக எடுத்து இணையுங்கள். அப்போது மட்டும் தங்கையை நல்ல விளக்கடியில் நிறுத்தி f/8, ஐஎஸ்ஓ 3200, 1/15 விநாடியில் சில படங்கள் எடுங்கள். பிறகு அவளை நகரச் சொல்லி, ட்ரைபாடைத் தொடாமல், ஐஎஸ்ஓ 100-க்கு இறக்கிக் கோடுகளை எடுங்கள். அபெர்ச்சரும் ஃபோகஸும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். மாறினால் பின்னணியின் மங்கல் ஒத்துப்போகாது, மாஸ்க் போட்டு ஒட்டும்போது தலைமுடி ஓரத்தில் அது உடனே தெரிந்துவிடும்.