பிரான்ஸ் வாடகை வீட்டு வெந்நீர்த் தொட்டி: 0, AUTO, 1

கேள்வி: மின்பெட்டியில் 0, AUTO, 1 என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. வெந்நீருக்கு எதில் வைக்க வேண்டும்?

AUTO-வில் வையுங்கள். அது வெந்நீர்த் தொட்டிக்கான பகல்-இரவு சுவிட்ச். மின்கட்டணம் குறையும் நேரம் தொடங்கியதும் மீட்டர் சைகை தரும், 'டக்' என்ற சத்தத்துடன் தொட்டிக்கு மின்சாரம் போகும். அந்த நேரம் பில்லில் Heures Creuses என்ற வரியில் இருக்கும். வீட்டுக்கு வீடு மாறும்.

தொட்டி ஒரு பெரிய பிளாஸ்க் மாதிரி. இரவில் சூடாக்கியது மறுநாள் முழுக்கச் சூடாகவே இருக்கும்.

உங்கள் மலிவு நேரம் இரவு 22:30 முதல் 06:30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் குளித்து மாலை 4 மணிக்கே வெந்நீர் தீர்ந்துவிட்டால் 1-க்குத் தள்ளுங்கள், உடனே சூடாகத் தொடங்கும். 200 லிட்டர் தொட்டியில் 2200 வாட் கம்பி இருந்தால், குளிர்ந்த நீர் முழுதும் 60 டிகிரி வர ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். ஒருவர் குளிக்க அதற்கு வெகுமுன்பே போதுமான வெந்நீர் சேர்ந்துவிடும். 22:30-க்குச் சைகை வந்ததும் நெம்புகோல் தானாகவே AUTO-வுக்குத் திரும்பும்.

0 அப்படியல்ல. அதில் தொட்டிக்கு மின்சாரமே போகாது. நீங்கள் மாற்றும்வரை அங்கேயே நிற்கும். ஊருக்குப் போகும்போது 0-வில் வைத்துவிட்டு, திரும்பியதும் மறப்பவர்கள் நிறைய.

AUTO-வில் இருந்தும் காலையில் பச்சைத் தண்ணீர்தானா? மின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். Base என்றிருந்தால் மலிவு நேரமே கிடையாது, சைகை வராமல் போகலாம்.

1-இல் வைத்தால் தண்ணீர் கூடுதலாகக் கொதிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டின் அளவைத் தொட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்தான் தீர்மானிக்கிறது, இந்த நெம்புகோல் நேரத்தை மட்டுமே மாற்றும்.