படத்தில் தெரிவதும் தெரியாததும்

கேள்வி: “என் புது ஹேர்கட்!” (படத்தோடு வந்தது இந்த ஒரு வரிதான்.)

பதில்: வெட்டின் பெயர் வேண்டுமா, வீட்டில் செட் செய்யும் முறை வேண்டுமா, பராமரிப்பு வேண்டுமா? அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. படத்தை வைத்துப் பார்த்தால், செட் செய்யும் முறைதான் உங்களுக்கு முதலில் தேவைப்படும் என்று நினைக்கிறேன். முடியின் நுனிகள் எல்லாம் ஒரே அளவில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. கத்தரியால் மட்டும் அப்படி வராது. டிரையரும் ரவுண்ட் பிரஷ்ஷும் போட்டுச் சுருட்டியது அது. தலைக்குக் குளித்ததும் அந்த வளைவு போய்விடும். அப்போது வெட்டு கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோகிறார்கள்.

பெயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடு வகிடு, இரு பக்கமும் பிரிந்து கன்ன எலும்பு வரை விழும் முன்முடி: அது ‘கர்ட்டன் பேங்ஸ்’. மற்ற முடி, தோளைத் தாண்டிய லேயர் கட். உச்சியில் முடி குட்டையாகக் கலைந்து, கீழே மெலிந்து போயிருந்தால் ‘வுல்ஃப் கட்’ என்றிருப்பேன். உங்களுக்குக் கீழ்நுனி அடர்த்தியாகவே இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி இன்னொரு பார்லரில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரே பெயருக்கு ஆளுக்கொரு நீளம் வைத்திருப்பார்கள். “முன்முடி கன்ன எலும்பு வரை, அடுத்த லேயர் தாடைக்குக் கீழே” என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

இனி முன்முடி. குளித்துவிட்டு வந்ததும் முதலில் காய வைக்க வேண்டியது அதைத்தான். ஈரத்தில் இளகும் முடி, காயும்போது எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். பின்முடியைத் துவட்டி முடிப்பதற்குள் முன்முடி தானாகக் காய்ந்து, நெற்றியில் கோணலாக நின்றுவிடுகிறது. வெப்பத்திலிருந்து காக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்து, டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். முன்முடி முழுவதையும் முகத்தின் மேல் விழவிட்டு, வேரை முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சீவியபடி காய வையுங்கள். முக்கால் பங்கு காய்ந்ததும் ரவுண்ட் பிரஷ்ஷில் சுற்றி, முகத்தை விட்டு விலகும் திசையில் உருட்டுங்கள். கடைசியில் குளிர்காற்று. முடி ஆறும் முன்பே பிரஷ்ஷை உருவினால் வளைவு நிற்காது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்.

இவ்வளவு செய்தும் ஒரே இடத்தில் முன்முடி பிளந்துகொண்டால், நெற்றி ஓரத்தில் சுழி இருக்கலாம். ஈர முடியைப் பின்னால் வாரிவிட்டு, உள்ளங்கையால் லேசாக முன்னே தள்ளுங்கள். தானாக எங்கே பிரிகிறதோ அங்கேதான் சுழி. அதை எதிர்த்துப் போராடுவதைவிட, வகிட்டைச் சுழிக்கு அருகே கொஞ்சம் நகர்த்திக்கொள்வது நல்லது.

படத்தில் ஒரு பக்கம் முன்முடி குட்டையாகத் தெரிகிறது. அதை வைத்து வெட்டில் பிழை என்று நான் சொல்லமாட்டேன். தலை சற்றே சாய்ந்திருக்கிறது. கேமராவும் மேலிருந்து பார்க்கிறது. கண்ணாடி முன் நேராக நின்று, இரு பக்க முன்முடியையும் மூக்கின் நடுவுக்கு இழுத்து நுனிகளைச் சேர்த்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெட்டியவரிடமே திரும்பப் போங்கள். வீட்டில் நீங்களே சரிசெய்யப் பார்த்தால், ஈர முடியில் வெட்டிவிடுவீர்கள். காய்ந்ததும் அது இன்னும் மேலே ஏறிக்கொள்ளும்.

பராமரிப்பில் படத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் முடி இயல்பிலேயே நேரானதா, ஸ்மூத்தனிங் செய்ததா, சாயம் போட்டதா என்பது இதில் தெரியவில்லை. ஷாம்பு, கண்டிஷனர் தேர்வு அதைப் பொறுத்தது. தலைக்குக் குளித்து, எதுவும் தடவாமல் தானாகக் காய்ந்த முடியை முன், பக்கம், பின் என மூன்று படமாக அனுப்பி, செய்துகொண்ட சிகிச்சையையும் எழுதினால் அதைச் சொல்ல முடியும். எல்லா முடிக்கும் பொருந்துவது இரண்டு. நெற்றி எண்ணெயால் முன்முடி முதலில் பிசுபிசுக்கும். மற்ற முடியைக் கட்டிவிட்டு அதை மட்டும் துளி ஷாம்புவில் அலசிக்கொள்ளலாம், கண்டிஷனர் அதற்கு வேண்டாம். முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும் என்பதால், முன்முடிக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரிம் தேவைப்படும். மற்ற லேயர்கள் இரண்டு, மூன்று மாதம் தாங்கும்.