பீஸ் ரேட்டா, நாள் சம்பளமா?

“பல்லாவரத்தில் தையல் யூனிட். நாள் சம்பளம் 600. இல்லையென்றால் பீஸுக்கு 11 ரூபாய், 550 கியாரண்டி என்கிறார்கள். எதில் சேரலாம்?”

கியாரண்டி நாள் கணக்கா, வாரக் கணக்கா என்று முதலில் கேளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

நாலு நாள் 65 பீஸ் தைக்கிறீர்கள். மீதி இரண்டு நாள் கட்டிங்கிலிருந்து பண்டில் சரியாக வராமல் 30 பீஸோடு நிற்கிறது. நல்ல நாளுக்கு 715, மந்தமான நாளுக்கு 330. நாள் கணக்கென்றால் அந்த 330-ஐ 550 ஆக்க வேண்டும். வாரத்துக்கு 3,960 கிடைக்கும். வாரக் கணக்கென்றால் மொத்தம் 320 பீஸ், 3,520 ரூபாய். அது வாரக் கியாரண்டியான 3,300-ஐத் தாண்டிவிட்டதால் மேலே ஒன்றும் சேர்க்க மாட்டார்கள். நாள் சம்பளத்தில் 3,600 வரும். ஆக, வாரக் கணக்கென்றால் இந்த வேகத்தில் நாள் சம்பளமே மேல்.

அப்புறம், ஆல்டருக்குத் திரும்பும் பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஸ்டைல் மாறும் முதல் இரண்டு நாளும் கை ஓடாது. பண்டில் சீட்டைக் கொடுப்பதற்கு முன் எண்ணிக்கையை உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். பீஸ் ரேட் என்றாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் கூலிக்குக் கீழே தரக் கூடாது. 550 அதற்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.