பாடசாலை வான்களுக்குக் காப்புறுதி: கடிதம் அனுப்பினால் போதுமா?

"கிளிநொச்சிக்குக் கிட்ட ஒரு தனியார் பாடசாலையின் நிர்வாகச் செயலாளர் நான். பழைய வான் ஒன்றுக்குக் காப்புறுதி இருக்கிறது. இப்போது லீசிங்கில் இரண்டு வான்கள் எடுத்திருக்கிறோம். 'புதிய வான்களையும் சேர்த்து, பிள்ளைகளுக்கான பயணிகள் பொறுப்பையும் தரவும்' என்று காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிப் பத்து நாளாகிறது. பதில் இல்லை. திங்கள் முதல் ஓட்டலாமா?"

ஓட்ட வேண்டாம். உங்கள் கடிதம் ஒரு வேண்டுகோள்தான். நிறுவனம் எழுத்தில் ஏற்கும் வரை காப்பு தொடங்காது; அவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது. இரண்டு வான்களுக்கும் தனித்தனியே கவர் நோட்டோ காப்புறுதிச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் ஓட்டுவதே குற்றம். வருமான உத்தரவுப்பத்திரம் எடுப்பதற்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் வாசகம். 'பயணிகள் பொறுப்பு' என்று மட்டும் கேட்டால், பல நேரம் ஆசனத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பைத்தான் சேர்த்துத் தருவார்கள். அது வேறு, பொறுப்புக் காப்பு வேறு. விபத்துக் காப்பு யாருடைய பிழை என்று பாராமல் ஒரு நிலையான தொகையைக் கொடுக்கும். பொறுப்புக் காப்போ, உங்கள் சாரதியின் கவனயீனத்தால் பிள்ளைக்குக் காயம் என்று நீதிமன்றம் நட்டஈடு விதித்தால் அதைக் கட்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். தருமபுரப் பக்கம் வான் தடம் புரண்டு ஒரு பிள்ளையின் கால் நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறது. ஆசனத்துக்கு 1 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு மட்டும் இருக்கிறது. நீதிமன்றம் 15 இலட்சம் விதிக்கிறது. கிடைத்த 1 இலட்சத்தைக் கழித்தாலும் மிச்சம் 14 இலட்சத்தைப் பாடசாலைதான் தேட வேண்டும். அதனால் இரண்டையும் பெயர் சொல்லித் தனித்தனியே கேளுங்கள்.

அடுத்தது, பயன்பாடு. பெற்றோரிடம் மாதா மாதம் வான் காசு வாங்குகிறீர்களா? வாங்கினால் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான வான்கள் இரட்டைப் பயன் வாகனமாகப் பதிவாகி, 'தனிப்பட்ட பாவனை' என்றே காப்புறுதி செய்யப்படுகின்றன. அந்தப் பத்திரத்தில் வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஆள் ஏற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பழைய வானின் பத்திரத்தை எடுத்து 'பாவனை வரையறை' என்ற பகுதியை இன்றே வாசியுங்கள். அதே நிபந்தனையோடு புது வான்களையும் சேர்த்தால், விபத்து நடந்த அன்று நிறுவனம் சட்டப்படியே கையை விரிக்கலாம். ஆசனக் கணக்கும் அப்படித்தான். 14 ஆசன வானில் 20 பிள்ளைகளை ஏற்றினால் எந்த 14 பேருக்குக் காப்பு என்ற தர்க்கம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தொடங்கிவிடும். சின்னப் பிள்ளைகள்தானே, மடியில் இருக்கட்டும் என்று தயவுசெய்து விடாதீர்கள்.

சரி, கடிதத்தை இப்படி மாற்றி எழுதுங்கள்:

"கீழ்க்காணும் இரு வான்களும் எமது பாடசாலைப் பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்கு ஏற்றி இறக்கப் பயன்படும். ஒவ்வொன்றின் பதிவு இலக்கம், சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், ஆசன எண்ணிக்கை, லீசிங் நிறுவனத்தின் பெயர், சாரதியின் அனுமதிப்பத்திர விபரம் என்பன இணைப்பில் உள்ளன. இப்பயன்பாட்டை ஏற்று, (1) பிள்ளைகள் ஏறும்போதும் பயணிக்கும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் மரணம், காயம் தொடர்பான சட்டப் பொறுப்புக்கும், (2) ஆசனமொன்றுக்கான தனிநபர் விபத்து நன்மைக்கும் காப்பளித்து, உச்சத் தொகைகளையும் தொடங்கும் திகதி, நேரத்தையும் எழுத்தில் அறியத் தரவும்."

'ஏறும்போதும் இறங்கும்போதும்' என்பதை விட்டுவிடாதீர்கள். ஏ9 வீதியில் மறுகரையில் இறங்கும் பிள்ளை, வானுக்கு முன்னால் ஓடிக் கடக்கிறது. ஆபத்து அந்த அரை நிமிடத்தில்தான் அதிகம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை பயணியா, மூன்றாந்தரப்பா என்ற கேள்விக்கு இடம் வைக்காமல் இருப்பது நல்லது. வானில் போகும் உதவியாளர் உங்கள் ஊழியர். அவருக்கு இந்தக் காப்பு போதாது, வேலையாள் நட்டஈட்டுக் காப்பைத் தனியே கேளுங்கள்.

கடிதத்தைக் கிளையில் நேரே கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதிலாக வரும் எண்டோர்ஸ்மென்டில், அதாவது பத்திரத்தோடு சேர்க்கும் திருத்தத் தாளில், இரு வான்களின் இலக்கங்களும் பயன்பாடும் நீங்கள் எழுதியபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே திருத்திக் கேளுங்கள்.

அப்புறம், இந்தக் காகிதங்களைக் காலாவதியானதும் எறிந்துவிடாதீர்கள். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடக் கெடு. ஆனால் காயப்பட்டவர் பிள்ளை என்றால், 18 வயது நிறைந்த பிறகுதான் அந்தக் கெடு ஓடத் தொடங்கும். இன்று ஆறு வயதில் உங்கள் வானில் ஏறும் பிள்ளை, பதினான்கு வருடம் கழித்தும் வழக்குப் போடலாம்.