10% பிளாட்டா, 14% ரெடியூசிங்கா?

*பைக்குக்கு ஒரு லட்சம் கடன் வேண்டும். ஷோரூமில் 10% பிளாட், வங்கியில் 14% ரெடியூசிங். ரெண்டுமே 24 மாதம். ஷோரூம் கடன்தானே மலிவு?*

இல்லைங்க, வங்கிதான் மலிவு. நானும் முதல் வண்டி வாங்கும்போது இதே கணக்கில்தான் ஏமாந்தேன்.

பிளாட் என்றால் வருஷம் 10,000 வீதம் ரெண்டு வருஷத்துக்கு 20,000 வட்டியை முதலிலேயே அசலோடு கூட்டி, அந்த 1,20,000-ஐ 24ஆல் வகுத்து மாதம் 5,000 என்று சொல்லிவிடுவார்கள். வங்கியின் ரெடியூசிங் முறையில் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. அங்கே 14%க்குத் தவணை 4,801, மொத்த வட்டி சுமார் 15,230. அதாவது '10%' கடனில் கிட்டத்தட்ட 4,800 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

ஏன் இப்படி? நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையிலும் அசலில் கொஞ்சம் திரும்பிப் போகிறது. 12 தவணை முடிந்ததும் உங்கள் கையில் இருக்கும் அவர்கள் பணம் சுமார் 54,500தான். ஆனால் ரெண்டாம் வருஷமும் முழு ஒரு லட்சத்துக்கே 10,000 வட்டி!

உண்மையான ஆண்டு வட்டி தெரிய எக்செலில் இதைப் போடுங்கள் (தவணைக்கு முன்னால் மைனஸ் முக்கியம்):

```
=RATE(24,-5000,100000)
=(1+RATE(24,-5000,100000))^12-1
```

முதல் வரியில் மாத வட்டி 1.51% வரும். செல்லில் வெறும் 2% என்று காட்டினால் தசம இடத்தைக் கூட்டிப் பாருங்கள். அடுத்த வரியில் ஆண்டுக்கு 19.75%. வங்கியின் 14%ஐயும் இதேபோல மாதக் கூட்டு வட்டியாக மாற்றினால் 14.9%தான். இந்த ரெண்டைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், 10ஐயும் 14ஐயும் அல்ல.

அப்புறம் பிராசசிங் கட்டணம். எனக்கு அதைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டார்கள், தவணைச் சீட்டு வந்த பிறகுதான் கவனித்தேன். உங்களுக்கும் 2,500 பிடித்தால் கைக்கு வருவது 97,500, தவணை அதே 5,000. மேலே 100000 இருக்கும் இடத்தில் 97500 போட்டால் 22.9%க்கு ஏறிவிடும். வங்கியும் கட்டணம் வாங்கும், அதையும் கேட்டு அதே மாதிரி கழித்துப் போடுங்கள்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், கையெழுத்துப் போடும் முன் ரெண்டு இடத்திலும் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் இந்த மாதிரிக் கடன்களுக்கு அதைத் தந்தே ஆக வேண்டும். கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் ஏ.பி.ஆர். என்று இருக்கும். அது மாத வட்டியை 12ஆல் பெருக்கிய கணக்கு என்பதால் மேலே சொன்ன ஷோரூம் கடனுக்கு 22.9 என்று இல்லாமல் சுமார் 20.8 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். ஒரு தாளின் ஏ.பி.ஆரை இன்னொரு தாளின் ஏ.பி.ஆரோடு ஒப்பிட்டால் சரியாக இருக்கும்.